முதல் ஐந்து நிமிடங்கள்

எமது பாடவேளை 40 நிமிடங்கள். ஸலாம் சொல்லி மாணவியர் அமர்ந்ததும், "நேற்று என்ன படித்தோம்?" என்று ஆசிரியை கேட்கிறார். முன்வரிசையில் இருவர் பதில் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து குரல் கொடுக்கிறார்கள். மீதியை ஆசிரியையே சொல்லி முடிக்கும்போது பத்து நிமிடங்கள் போய்விடுகின்றன. வாரத்தில் ஐந்து பாடவேளைகள் என்றால் 50 நிமிடங்கள். அத்தனை நேரம் செலவழித்தும் யாருக்கு விளங்கியது, யாருக்கு விளங்கவில்லை என்பது தெரிவதில்லை.

கணிதம் கற்பிப்பவள் என்ற வகையில் என் கருத்து இதுதான்: மீட்டல் வினா எது என்பதை இன்றைய பாடமே தீர்மானிக்க வேண்டும். நேற்றுப் படித்த எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லத் தேவையில்லை. இன்றைய முதற்படிக்கு எந்தப் பகுதி வேண்டுமோ அதை மட்டும் கேட்டால் போதும்.

ஓர் உதாரணம். நேற்று இரண்டு ஈருறுப்புக் கோவைகளைப் பெருக்கினோம். இன்று இருபடிக் கோவையின் காரணிகளைக் காண வேண்டும். மாணவியர் வருமுன்னரே நான் பலகையில் மூன்று வினாக்களை எழுதிவிடுவேன்.

1. (x + 2)(x + 3) ஐ விரித்து எழுதுக.
2. விடையிலுள்ள 5 உம் 6 உம் எங்கிருந்து வந்தன?
3. (x + __)(x + __) = x² + 7x + 12. இடைவெளிகளை நிரப்புக.

முதலாவது வினா நேற்றைய வேலை. இரண்டாவது அதன் காரணத்தைக் கேட்கிறது: 2 ஐயும் 3 ஐயும் கூட்டினால் 5, பெருக்கினால் 6. மூன்றாவது வினாவில் கூட்டினால் 7 உம் பெருக்கினால் 12 உம் வரும் எண்களைத் தேடி 3, 4 என்று எழுதும் மாணவி, இன்றைய பாடத்துக்குள் ஏற்கனவே நுழைந்துவிட்டாள்.

பழைய பக்கத்தைப் புரட்டாமல், பேசாமல், ஒவ்வொருவரும் தன் கொப்பியில் மூன்று நிமிடங்கள் எழுத வேண்டும். பார்த்து எழுதுவதை விட நினைவிலிருந்து எடுத்து எழுதுவதே மனதில் நிலைக்கும். அந்நேரம் நான் வரிசைகளுக்கிடையே நடந்து முதலாவது விடையை மட்டும் பார்ப்பேன். x² + 6 என்று இருந்தால், அந்த மாணவி நடு உறுப்பைத் தவறவிட்டிருக்கிறாள். ஓரிருவர் என்றால் பின்னர் தனியாகக் காட்டலாம். வகுப்பில் மூன்றிலொரு பங்கினர் அப்படி எழுதியிருந்தால் காரணிகளைத் தள்ளிவைத்து, பெருக்கலையே மீண்டும் கற்பிப்பேன். அன்று பத்து நிமிடங்கள் போனாலும் அது வீணல்ல. மற்ற நாட்களில் இரண்டு நிமிடங்களில் விடைகளைச் சரிபார்த்து, மூன்றாவது வினாவிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

வீட்டுவேலையைத் திருத்துவதை இந்த நேரத்தில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ஐந்து நிமிடங்கள் பதினைந்தாகிவிடும். முற்றிலும் புதிய அலகு தொடங்கும் நாளில் நேற்றையதோடு வலிந்து முடிச்சுப் போடவும் வேண்டாம். அந்த அலகுக்குத் தேவையான பழைய பாடம் சென்ற வருடத்தில் இருந்தால், அங்கிருந்தே ஒரு வினாவை எடுக்கலாம்.

பெற்றோரும் "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "கொப்பியைப் பார்க்காமல் ஒரு கணக்குச் செய்து காட்டு" என்று கேட்டுப் பார்க்கலாம்.