பத்து ஆண்டுக்கும் ஒரே கோடு போடலாமா?

வெயில் ஏறினால் மின் பில் ஏறும். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இதில் சந்தேகமே வராது; குளிர்சாதனம் ஓடுகிறது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் கதை வேறு. தானா ராத்தா ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சராசரி வெப்பநிலை 18 பாகை செல்சியஸ் அளவுதான். இங்கே குளிரும் மாதத்தில்தான் வாட்டர் ஹீட்டர் அதிகம் உழைக்கும். ஆகவே வெப்பம் கூடினால் மின்பயன்பாடு குறையும்.

ஆனால் அது எப்போதும் அப்படியே இருக்குமா? ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். முதல் ஐந்தாண்டில் ஒரு பாகை கூடினால் நாளுக்கு 0.4 யூனிட் குறைகிறது. பிறகு மின்விசிறியும் குளிர்சாதனமும் வருகின்றன. அடுத்த ஐந்தாண்டில் ஒரு பாகைக்கு 0.4 யூனிட் கூடுகிறது. பத்தாண்டுக்கும் சேர்த்து ஒரே ரிக்ரெஷன் கோடு போட்டால் சாய்வு பூஜ்யத்தை ஒட்டி வரும். "தொடர்பே இல்லை" என்று மாணவர் எழுதுவார். உண்மையில் தொடர்பு இருந்தது, திசைதான் மாறியது. மாணவர் திட்டப்பணிகளில் இந்த ஒற்றைக் கோட்டுப் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பது என் கருத்து.

மாற்று வழி எளிது. 36 மாதத்துக்கு ஒரு கோடு போடுங்கள். பிறகு ஒரு மாதம் நகர்ந்து அடுத்த 36 மாதத்துக்குப் போடுங்கள். B பத்தியில் மாதச் சராசரி வெப்பநிலை, C பத்தியில் நாளொன்றுக்கான யூனிட் (பில் யூனிட்டை, பில் காட்டும் நாள்களால் வகுத்தது). D37 கட்டத்தில் இதை எழுதிக் கீழே இழுத்தால் போதும்:

```
=SLOPE(C2:C37,B2:B37)
```

D பத்தியை வரைபடமாக்கினால் சாய்வு நகர்வது தெரியும். அதைப் பார்த்ததும் பருவநிலை மாற்றம் என்று கூவிவிடாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு சாளரங்களில் 35 மாதங்கள் பொதுவானவை; அதனால் வெறும் தற்செயலும் அழகான அலையாகத் தெரியும். இங்கே ஆண்டின் மாதச் சராசரிகளுக்குள் வேறுபாடு இரண்டு பாகை அளவுதான் என்பதால், ஒரே ஒரு விசித்திர மாதம்கூடக் கோட்டைச் சாய்த்துவிடும்.

2020 ஏப்ரலைப் பாருங்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் குடும்பமே வீட்டில் இருந்தது. ஏப்ரல் இங்கு வெப்பமான மாதங்களில் ஒன்று. கோட்டின் வெப்பமான முனையில் பயன்பாடு எகிறியதால் சாய்வு மேலேறும். குளிர்சாதனம் வந்துவிட்டது போலவே தோன்றும். போதாததற்கு, அப்போது மீட்டர் வாசிப்பு நிறுத்தப்பட்டு, பிறகு பல வாரக் கணக்கு ஒரே பில்லில் வந்தது. அடையாளம் காண வழி உண்டு: 2020 ஏப்ரலில் முடியும் சாளரத்தில் சாய்வு குதித்து, 2023 ஏப்ரலில் முடியும் சாளரத்தில் மீண்டும் இறங்கினால், நகர்ந்தது தொடர்பு அல்ல. அந்த ஒரு மாதம் உள்ளே வந்து வெளியேறியிருக்கிறது. அதை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறகும் நகர்வு நின்றால் பேசலாம்.

இன்னொன்று, தோட்டத் தொழிற்சாலையின் பில்லை இதில் கலக்காதீர்கள். அங்கே வாட்டும் விசிறிகளும் உருட்டும் இயந்திரங்களும் அன்று வந்த பச்சைக் கொழுந்தின் எடையைப் பொறுத்தே ஓடுகின்றன.