நாட்டுக்கோழிக்கு விலை கேட்கும் முன் வயதைக் கேளுங்கள்

பௌர்ணமி கிரிவலக் கூட்டம் கலைந்து அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலையில் கறிக்கடைகளில் கூட்டம் கூடும். கடை முகப்பில் இரண்டு விலை எழுதியிருப்பார்கள். கறிக்கோழிக்கு ஒன்று, நாட்டுக்கோழிக்கு அதைவிட இரண்டு மடங்கு, சில வாரங்களில் அதற்கும் மேல். கூடுதல் பணம் கொடுத்து நாட்டுக்கோழி வாங்கிப்போனவர்களில் சிலர் மறுவாரம் வந்து, "அரை மணி நேரத்திலேயே கரைஞ்சு போச்சு, ருசியும் இல்லை" என்று கடைக்காரரிடம் சண்டை பிடிப்பதையும் பார்க்கலாம். கடைக்காரர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. கோழி நாட்டு இனமாகவே இருந்திருக்கும். அதற்கு வயதுதான் ஆகியிருக்காது.

கறிக்கோழி 35 முதல் 42 நாளில் ஏறக்குறைய இரண்டு கிலோ எடைக்கு வந்து கடைக்குப் போகிறது. உருவத்தில் பெரியது என்றாலும் அது குஞ்சுதான். ஊசி போட்டு ஊதவைக்கிறார்கள் என்ற பேச்சு எங்கும் உண்டு. ஆனால் அந்த வளர்ச்சிக்குக் காரணம் ஹார்மோன் ஊசி அல்ல, பல தலைமுறையாக நடந்த இனத்தேர்வு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி வகைகளை ஒரே தீவனம் கொடுத்து 56 நாள் வளர்த்துப் பார்த்தார்கள். பழைய வகை ஏறக்குறைய 900 கிராம், நடுவில் உள்ளது 1.8 கிலோ, புதியது 4.2 கிலோ. தீவனம் ஒன்று, எடை மட்டும் நான்கு மடங்குக்கு மேல்.

வீட்டு முற்றத்தில் மேயும் நம் சிறுவிடையோ பெருவிடையோ ஒன்றரைக் கிலோ எடைக்கு வர ஐந்து, ஆறு மாதம் ஆகும். இந்த மாதக் கணக்குதான் சட்டியில் தெரிகிறது. தசை நார்களைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பது கொலாஜன் என்ற இணைப்புத் திசு. குஞ்சுப் பருவத்தில் கொலாஜன் இழைகளுக்கு இடையே உள்ள பிணைப்புகள் பலவீனமானவை, சூடு பட்டதும் விட்டுவிடும். வயது ஏற ஏற அவை சூட்டுக்கு எளிதில் அசையாத பிணைப்புகளாக மாறுகின்றன. அதனால்தான் கறிக்கோழி இருபது நிமிடத்தில் வெந்துவிடுகிறது. முற்றிய நாட்டுக்கோழிக்குத் திறந்த சட்டியில் ஒரு மணி நேரம் வேண்டியிருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் கொலாஜன் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாகிக் குழம்பில் இறங்குகிறது. நாட்டுக்கோழி ரசம் உதட்டில் லேசாக ஒட்டுவது அதனால்தான். கறிக்கோழியை அதே ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் நீர் முழுக்க வெளியேறி, கறி நார்நாராகப் பிரிந்து சப்பென்று ஆகிவிடும்.

கடினத்துக்கு இனத்தைவிட வயதே பெரிய காரணம் என்பதற்கு நல்ல சாட்சி முட்டைக்கோழி. அது பண்ணையில் அடைபட்டு வளர்வதுதான், மேய்வதே இல்லை. ஆனாலும் ஒன்றரை வருடம் முட்டையிட்டு ஓய்ந்தபின் கறிக்கு வரும்போது குக்கரில் வைத்தால்தான் வேகும். பழுப்பு நிற முட்டைக்கோழியாக இருந்தால் அதையே நாட்டுக்கோழி என்று விற்பதும் உண்டு.

சுவையில் வயதோடு நடமாட்டமும் சேருகிறது. நாள் முழுக்கக் கிளறி, ஓடி, மரம் ஏறி அடையும் கோழியின் தொடையில் மயோகுளோபின் என்ற சிவப்புப் பொருள் அதிகம். கறி கருஞ்சிவப்பாக இருப்பது அதனால். கறிக்குரிய மணத்தைத் தரும் கொழுப்புப் பொருள்களும் தசைக்குள் சேரக் காலம் வேண்டும்.

நாம் பெரும்பாலும் கணக்கில் எடுக்காத இன்னொன்று, கோழியைச் சுத்தம் செய்யும் முறை. கறிக்கோழியைத் தோலுரித்து வெட்டுகிறோம். நாட்டுக்கோழியை இறகு பிடுங்கி, மஞ்சள் பூசி, தீயில் வாட்டி, தோலோடு வெட்டுகிறோம். வாட்டிய தோலின் வாசனையும் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பும் குழம்பில் சேர்ந்துவிடுகின்றன. 'நாட்டுக்கோழி ருசி' என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு இந்த வேலையால் வருவது. ஆனால் மஞ்சள் பூசி வாட்டினால் எழுபது நாள் கோழியும் பார்வைக்கு முற்றிய கோழி போலத்தான் இருக்கும். ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

விலைக்கு வருவோம். கொட்டகையில் வளர்த்தால் கறிக்கோழி ஒரு கிலோ எடை போட ஏறக்குறைய 1.6 கிலோ தீவனம் தின்கிறது. நாட்டுக்கோழி நான்கு கிலோ அளவுக்குத் தின்கிறது. எளிய கணக்குக்காகத் தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோ கறிக்கோழிக்குத் தீவனச் செலவு 128 ரூபாய், அதாவது உயிர் எடை கிலோவுக்கு 64. ஒன்றரைக் கிலோ நாட்டுக்கோழிக்கு 240 ரூபாய், கிலோவுக்கு 160. இதற்கு மேல் குஞ்சு விலை, தடுப்பூசி, ஐந்து மாத ஆள் கூலி, இடையில் வெள்ளைக்கழிச்சலிலும் கீரியிடமும் போவது. ஒரே கொட்டகையில் வருடத்துக்கு ஆறு முறை கறிக்கோழி எடுக்கலாம், நாட்டுக்கோழி இரண்டு முறைதான். ஆகவே இரண்டு மடங்கு விலை என்பது கொள்ளை அல்ல. முழு வயது வரை வளர்த்தவருக்கு அது நியாயமான விலை.

இந்தக் கணக்குதான் பண்ணையாளரை அவசரப்படுத்துகிறது. ஐந்து மாதம் காத்திருக்க முடியாமல், வேகமாக எடை போடும் கலப்பின வண்ணக் கோழிகளை வாங்கி அடைத்து வளர்த்து, எழுபது, எண்பது நாளில் 'நாட்டுக்கோழி' என்று விற்றுவிடுகிறார்கள். வனராஜா, கிராமபிரியா, நாமக்கல் கோழி-1 போன்றவை புறக்கடைக்கு நல்ல கோழிகள். அவற்றை நான் குறை சொல்லவில்லை. எழுபது நாள் கோழியை அந்த வயதுக்குரிய விலைக்கு விற்றால் யாருக்கும் நட்டமில்லை. ஆறு மாதக் கோழியின் விலைக்கு விற்பதுதான் தவறு. அதனால் முதலில் அடிபடுவது வாடிக்கையாளர். அடுத்தது, செங்கத்திலோ தண்டராம்பட்டிலோ பத்துக் கோழியை ஆறு மாதம் மேயவிட்டு வளர்க்கும் பெண்கள். ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த முறை அவர்களிடமும் பேரம் பேசுகிறார்.

ஆகவே கடைப் பலகையில் விலைக்குப் பக்கத்தில் வயதையும் இனத்தையும் எழுதவேண்டும் என்பது என் கருத்து. பண்ணையாளருக்குக் குஞ்சு இறக்கிய தேதி தெரியும். அதைக் கடைக்காரரிடம் சொல்வதில் செலவு ஏதும் இல்லை.

அதுவரை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். உயிர்க்கோழியாக இருக்கும்போதே பாருங்கள், வாட்டியபின் கண்டுபிடிப்பது கடினம். மார்பெலும்பின் பின்நுனியை விரலால் அழுத்துங்கள். குருத்தெலும்பாக வளைந்தால் இளங்கோழி, வளையாமல் நின்றால் முற்றியது. சேவலில் காலின் குதிமுள்ளைப் பாருங்கள். வெறும் மொட்டாக இருந்தால் வயது போதாது. அலகு நுனி வெட்டப்பட்டிருந்தால் அது கொட்டகையில் அடைபட்டு வளர்ந்தது. பெட்டையில் கொண்டை வெளுத்து, அலகும் வெட்டியிருந்தால் ஓய்ந்த முட்டைக்கோழியாக இருக்கலாம்.

தெரியாமல் இளங்கோழியை வாங்கிவிட்டீர்கள் என்றால், வழக்கமான ஒரு மணி நேரம் கொதிக்கவிடாதீர்கள். இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு தொடைத் துண்டை எடுத்துப் பாருங்கள். எலும்பிலிருந்து கறி சுலபமாகக் கழன்றால் சட்டியை இறக்கிவிடுங்கள்.