கடிகாரத்தை மெதுவாக்கினால் கிளிட்ச் தீராது

கடிகாரத் துடிப்பின் வேகத்தைக் குறைத்தால் ரிப்பிள் கவுண்ட்டரின் கிளிட்ச் மறைந்துவிடும் என்று ஆய்வகக் குறிப்பேடுகளில் எழுதுவோரை மறுக்கிறேன். 7493 சில்லு 7இலிருந்து 8க்குச் செல்லும் வழியைப் பாருங்கள்: 0111, 0110, 0100, 0000, 1000. ஒவ்வொரு ஃபிளிப்-ஃபிளாப்பும் முந்தையது மாறிய பின்னரே மாறுவதால் 6, 4, 0 ஆகியவை பொய்யாகத் தோன்றி மறைகின்றன. 0ஐக் கண்டறியும் டிகோடர் கேட் அப்போது ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பின் தாமத அளவுக்குத் துடிக்கக்கூடும். நொடிக்கு ஒரே துடிப்பு கொடுத்தாலும் அந்த அகலம் குறையாது. எல்.இ.டி.யில் கண்ணுக்குப் புலப்படாது, உண்மைதான்; அதே வெளியீடு வேறொரு கவுண்ட்டரை இயக்கினால் எண்ணிக்கை தவறும்.

சிங்க்ரோனஸ் கவுண்ட்டரில் அனைத்தும் ஒரே விளிம்பில் மாறுவதால் இந்தப் படிவரிசை எழாது. தாமதங்கள் சற்றே வேறுபட்டால் அங்கும் குறுகிய கிளிட்ச் வரலாம். ஆகவே டிகோடரின் வெளியீட்டை அடுத்த விளிம்பில் ஒரு ஃபிளிப்-ஃபிளாப்பில் பதிந்தெடுக்க வேண்டும். அதிர்வெண்ணைப் பகுப்பதற்கு மட்டுமென்றால் ரிப்பிளே போதும்.