சிக்கன ஏ.சி. வந்தது, கரண்ட் செலவு ஏறியது! மெக்சிகோ அரசின் கணக்கு தப்பியது எப்படி?

“பழசைக் கொடு, புதுசை வாங்கு” என்று மெக்சிகோ அரசு 2009-ம் ஆண்டு ஒரு திட்டம் கொண்டு வந்தது. 10 வருடத்துக்கு மேல் ஓடிய பிரிட்ஜ் அல்லது ஏ.சி.யைக் கொடுத்தால், கரண்ட் குறைவாகக் குடிக்கும் புதியது வாங்க மானியம் கிடைத்தது. பழையதை உடைத்து அழித்தார்கள். 2012-ல் திட்டம் முடிவதற்குள் சுமார் 19 லட்சம் சாதனங்கள் மாறின.

கரண்ட் மிச்சமானதா? வீட்டு மின் பில்களைக் கொண்டே லூகாஸ் டேவிஸ், ஆலன் புக்ஸ், பால் கெர்ட்லர் ஆகிய 3 பொருளாதார நிபுணர்கள் கணக்குப் பார்த்தார்கள். முடிவு 2014-ல் வெளியானது.

பிரிட்ஜ் மாற்றிய வீடுகளில் செலவு சுமார் 8 சதவீதம் குறைந்தது. ஆனால் முன்பு எதிர்பார்த்ததில் இது கால்வாசிதான். ஏ.சி. மாற்றிய வீடுகளிலோ, குறைவதற்குப் பதில் கூடிவிட்டது!

ஓட்டுவது நம் கை!

காரணம் என்ன? பிரிட்ஜ் இரவு பகல் ஓடுவது. அதை இதற்கு மேல் ஓட்ட முடியாது. பெரிய பிரிட்ஜாக வாங்கினால் மிச்சம் கரையும். ஏ.சி. அப்படியல்ல. சுவிட்சு நம் கையில். “முன்னைப் போல கரண்ட் இழுக்காதே” என்ற தைரியம் வந்தால், கூடுதல் நேரம் ஓடும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். பழைய ஏ.சி. மணிக்கு 2 யூனிட் இழுக்கிறது. பயந்து பயந்து 4 மணி நேரம் போட்டால் 8 யூனிட். புதியது மணிக்கு 1.4 யூனிட்தான். ஆனால் படுத்தது முதல் 6 மணி நேரம் ஓடினால் 8.4 யூனிட்! மணிக்கு 30 சதவீதம் மிச்சம். ஆனாலும் மொத்தம் கூடிவிட்டது. சுமார் 5 மணி 43 நிமிடத்தோடு நிறுத்தியிருந்தால்தான் பழைய அளவு.

இதற்காக அந்த ஏ.சி. மோசம் என்று சொல்லிவிட முடியாது. புழுக்கத்தில் புரண்ட குடும்பம் கூடுதல் நேரம் குளுகுளுவென்று தூங்கியிருக்கிறது. அது ஆதாயம்தான். ஆனால் கரண்ட் மிச்சமாகும் என்று நம்பி மானியம் கொடுத்த கஜானாவுக்குத்தான் ஏமாற்றம். எல்லா இடத்திலும் மிச்சம் முழுதாகப் பறிபோவதும் இல்லை. பெரும்பாலும் ஒரு பங்குதான் கரைகிறது.

கண்டுபிடிப்பது எப்படி?

பில்லில் ரூபாயைப் பார்க்காதீர்கள், கட்டணம் மாறியிருக்கலாம். யூனிட்டைப் பாருங்கள். போன வருட மே மாதத்தை இந்த வருட மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும், மார்கழியோடு அல்ல. யூனிட் குறையவில்லையா? மிஷினைத் திட்டுவதற்கு முன், அது எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்!