ஊவாத் தேயிலையின் வாசம் ஏற்கெனவே விலைக்குள் இருக்கிறது

சம்பளம் விழும் கிழமையில் நமது வட்ஸ்அப் குழுக்களுக்கு ஒரு செய்தி தவறாமல் வந்துவிடுகிறது. "இந்தக் கம்பனிப் பங்கை வாங்குங்கள், மூன்று மாதத்தில் இரட்டிப்பு." ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் பணிக்கொடையும், தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்பில் உழைத்து அனுப்பும் காசும் இதற்குள் போகத் தொடங்கியிருப்பதால் நாம் இதைப் பேசத்தான் வேண்டும். அனுப்புகிறவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் நேர்மையானவர்களாக இருந்தாலும் இது ஏன் பலிப்பதில்லை என்பதுதான் நமது கேள்வி.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் வீசும்போது (கடலை இல்லை, காற்று!) நமது மலைகளின் கொழுந்துக்குத் தனி வாசம் வரும். அந்தப் பருவத் தேயிலைக்குக் கொழும்பு ஏலத்தில் நல்ல விலையும் கிடைக்கும். அப்படியென்றால் ஜூலையில் ஊவாத் தோட்டக் கம்பனிகளின் பங்கை வாங்கி செப்டெம்பரில் விற்றால் இலாபம்தானே?

இல்லை. கச்சான் வரும் என்பது நமக்கு மட்டுமா தெரியும்? 1883 முதல் நடக்கும் அந்த ஏலத்தில், விற்பனைக்கு முன்பே மாதிரிகளைச் சுவைத்துப் பார்த்து மதிப்பிடும் புரோக்கர்களுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் தெரியும். பங்கு வாங்குகிறவர்களுக்கும் தெரியும். ஓகஸ்டில் பங்கு ஏறும் என்று உறுதியானால் அவர்கள் ஜூலையிலேயே வாங்குவார்கள். அதைத் தெரிந்தவர்கள் ஜூனில் வாங்குவார்கள். முடிவில் அந்த வாசம் முன்கூட்டியே விலைக்குள் ஏறிவிடும். எல்லோருக்கும் தெரிந்த நல்ல செய்தியில் நமக்கு மிச்சம் எதுவும் இருக்காது. யூஜின் ஃபாமா என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970இல் வகுத்துச் சொன்ன 'திறன்மிகு சந்தை' என்ற கருத்தின் சாரம் இதுதான்.

விலையை அசைப்பது எவரும் எதிர்பாராதது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. தேயிலை அழிந்துவிடும் என்று பயந்து பங்கை விற்றவர் சொன்ன காரணம் சரியானதுதான், விளைச்சல் உண்மையிலேயே விழுந்தது. ஆனால் 2022இல் ரூபாய் சரிந்தது. கொழும்பு ஏலத்தின் சராசரி விலை ரூபாயில் ஒரே ஆண்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. உரத்தைச் சரியாகக் கணித்தவர் ரூபாயைக் கணிக்கவில்லை.

"ஆனால் இன்னார் ஐந்து வருஷமாகத் தொடர்ந்து வெல்கிறாரே?" என்று கேட்பீர்கள். ஆயிரம் பேர் வருஷத்துக்கு ஒரு தடவை காசு சுண்டுகிறார்கள் என்று வைப்போம். பூ விழுந்தவர் சந்தையை வென்றவர். முதல் வருஷம் 500 பேர், பிறகு 250, 125, 62. ஐந்தாம் வருஷ முடிவில் ஏறக்குறைய 31 பேர் ஒரு தடவைகூடத் தோற்காமல் நிற்பார்கள். குழு நடத்துவது அந்த 31 பேர்தான். மற்ற 969 பேர் செய்தி அனுப்புவதில்லை. பத்தாம் வருஷம் ஒருவர் மிஞ்சுவார், அவரை நாம் மேதை என்போம்.

சுண்டுவதற்குக் கட்டணமும் உண்டு. கொழும்புச் சந்தையில் தரகும் வரியும் மற்றக் கட்டணங்களும் சேர்ந்து சிறிய கொடுக்கல் வாங்கலுக்கு 1.12 வீதம். ஒரு இலட்சத்துக்கு வாங்க 1,120 ரூபாய், விற்க அதேயளவு. வருஷத்தில் நான்கு தடவை பங்கை மாற்றினால் ஒன்பதாயிரம் போய்விடும். சும்மா வைத்திருப்பவரைவிட ஒன்பது வீதம் பின்னால் நின்றுதான் நாம் ஓடத் தொடங்குகிறோம்.

கொழும்பு சிறிய சந்தை, அங்கே விலைகள் எப்போதும் சரியாக இருப்பதில்லை என்று ஒரு நண்பர் வாதிட்டார். உண்மைதான். போர் முடிந்த 2009இல் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 125 வீதம் ஏறியது. 2010இல் இன்னும் 96 வீதம். 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தாண்டியது. கம்பனிகளின் வருமானம் அந்த வேகத்தில் வளரவில்லை என்று அப்போதே சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் 2010 ஜனவரியிலேயே அப்படி நினைத்து விற்றவர் அடுத்த 96 வீதத்தை இழந்தார். நம்பி 2011 தொடக்கத்தில் நுழைந்தவர் 2012 முடிவில் சுட்டெண்ணை 5,600 அளவில் பார்த்தார். விலை பிழை என்று தெரிவது ஒன்று, அது எந்த மாதம் திருந்தும் என்று தெரிவது வேறொன்று. சிறிய சந்தையில் அந்த மாதத்தை முன்னரே அறியக்கூடியவர்கள் பெரும்பாலும் விலையை ஏற்றியவர்களே. அவர்கள் விற்கும்போது வாங்க ஆள் தேவை. குழுவில் செய்தி வருவது அப்போதுதான்.

ஆகவே அடுத்த தடவை செய்தி வந்தால், அனுப்பியவரிடம் பத்து வருஷக் கணக்கைக் கேளுங்கள். தோற்ற பங்குகளும் கட்டணங்களும் சேர்ந்த முழுக் கணக்கு. அதற்குப் பக்கத்தில் அதே பத்து வருஷச் சுட்டெண்ணை, பங்கிலாபத்தையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.