'இன்னும் ஒரு நிமிடம்' என்று நாற்பது நிமிடம் சொல்லும் குரல்

உதவி மையங்களை அழைத்துக் காத்திருப்போர் பெரும்பாலும் அந்த இசையைத்தான் திட்டுகிறார்கள். வரிசைக் கோட்பாட்டில் ஆய்வு செய்பவன் என்ற முறையில் எனக்கு இசையோடு பெரிய பகை இல்லை. இசை எதையும் வாக்களிப்பதில்லை. இசையை இடைநிறுத்தி ஒலிக்கும் பதிவுக் குரலோடுதான் என் வழக்கு. அது சொல்லும் நிமிடக் கணக்கை நம்பி, காத்திருப்பதா துண்டிப்பதா என்று ஒருவர் முடிவெடுக்கிறார். அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால், அதைச் சொல்லாமல் விடுவதே நேர்மை என்று தோன்றும்.

ஆஸ்டரிஸ்க் என்னும் திறந்த மூல மென்பொருளை எடுத்துக்கொள்வோம். சிறிய, நடுத்தர உதவி மையங்கள் பலவற்றில் இயங்குவது இது. இதன் நிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். ஒவ்வோர் அழைப்பையும் ஊழியர் எடுக்கும்போது, அந்த அழைப்பாளர் எத்தனை நொடி காத்திருந்தார் என்பதை அது குறித்துக்கொள்கிறது. பழைய சராசரியின் முக்கால் பங்கோடு இந்தப் புதிய எண்ணின் கால் பங்கைச் சேர்த்துப் புதிய சராசரியை அமைக்கிறது. ஆக, அது அறிந்ததெல்லாம் முன்பு வந்தவர்கள் பட்ட பாடு மட்டுமே. இப்போது உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

ஒரு நகரத்தின் மின்விநியோக உதவி மையத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆறு ஊழியர்கள், ஓர் அழைப்புக்குச் சராசரியாக 4 நிமிடம். அப்படியானால் 40 நொடிக்கு ஒருவர் வீதம் வரிசை நகரும். அமைதியான மாலை, சராசரிக் காத்திருப்பு 40 நொடி. 7.10க்கு ஒரு பெரும்பகுதியில் மின்சாரம் போகிறது. ஏறத்தாழ ஒரே நேரத்தில் 60 பேர் அழைக்கிறார்கள். அறுபதாவது ஆளுக்கு உண்மையில் 40 நிமிடம் ஆகும். அவருக்குக் குரல் சொல்வதோ 'ஒரு நிமிடம்', ஏனெனில் அதன் நினைவில் இருப்பது அமைதியான மாலையின் 40 நொடி.

பத்து நிமிடம் கழிகிறது. பதினைந்து பேர் பேசி முடித்துவிட்டார்கள். சராசரி மெல்ல ஏறி 8 நிமிடத்தை எட்டியிருக்கும். இப்போது புதிதாக அழைப்பவருக்கு முன்னால் 45 பேர். அவருக்கு 30 நிமிடம் ஆகும். குரல் 8 என்கிறது. சரி, ஏற்கெனவே பத்து நிமிடம் நின்றுவிட்ட நம் அறுபதாவது ஆளுக்கு என்ன சொல்லும்? மென்பொருள் அந்த 8 நிமிடத்தோடு முழுமையாக்கலுக்காக அரை நிமிடம் கூட்டி, அவர் காத்திருந்த 10 நிமிடத்தைக் கழிக்கிறது. விடை குறை எண். குறைக் குறியை அப்படியே உதறிவிட்டு, முழு நிமிடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, 'ஒரு நிமிடம்' என்று அறிவிக்கிறது. இருபதாவது நிமிடத்தில் சராசரி 18 ஆகியிருக்கும். அதே கழித்தல், மீண்டும் 'ஒரு நிமிடம்'. அழைப்புகள் சீராக முடிந்துகொண்டிருந்தால் முப்பதாவது நிமிடத்திலும் இதே கதைதான். எந்த மேலாளரும் பொய் சொல்லத் திட்டமிடவில்லை. ஒரு கழித்தல் கணக்கு தானாகவே அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்த அறுபதாவது ஆள் 'மின்சாரம் எப்போது வரும்' என்று கேட்க வந்தவராக இருந்தால் எரிச்சலோடு போகும். தெருவில் மின்கம்பி அறுந்து கிடக்கிறது என்று சொல்ல வந்தவராக இருந்தால்? 40 நிமிடம் ஆகும் என்று தெரிந்திருந்தால் அவர் துண்டித்துவிட்டு வேறு எண்ணைத் தேடியிருப்பார், அல்லது நேரே துணைமின் நிலையத்துக்கு ஆள் அனுப்பியிருப்பார். 'ஒரு நிமிடம்' என்ற சொல் அவரை அங்கேயே கட்டிப்போடுகிறது.

ஆகவே அந்த மையத்தில் முதலில் ஒலிக்க வேண்டியது நன்றியும் அல்ல, மன்னிப்பும் அல்ல. இப்படி ஒன்று: 'மாலை 7.10 முதல் இன்னின்ன பகுதிகளில் மின்சாரம் இல்லை என்பதை அறிவோம். இதற்கெனத் தனியாகப் புகார் பதிய வேண்டியதில்லை. எப்போது சீராகும் என்பது இன்னும் தெரியவில்லை. இத்தகவல் 7.25க்குப் பதிவு செய்யப்பட்டது. கம்பி அறுந்து கிடந்தாலோ தீப்பொறி தெரிந்தாலோ எண் 1ஐ அழுத்துங்கள்.' அறுபது பேரில் பெரும்பாலோர் இதைக் கேட்டதும் தாமே விலகிவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். பதிவான நேரத்தைச் சொல்வது முக்கியம். அது இல்லாத தகவல் மறுநாள் காலையிலும் ஒலித்துக்கொண்டிருக்கும்; 'வழக்கத்தைவிட அதிக அழைப்புகள்' என்ற வாக்கியம் ஆண்டு முழுவதும் ஒலிப்பதுபோல.

எஞ்சியவர்களுக்கு நிமிடத்துக்குப் பதிலாக வரிசையில் அவர்களின் இடத்தைச் சொல்லலாம். அது முன்கணிப்பு அல்ல, எண்ணிப் பார்த்த உண்மை. நிரா முனிகோர், அனாத் ரஃபேலி ஆகிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில் இசை, மன்னிப்புக் குரல், வரிசை இடம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். இடம் சொல்லப்பட்டவர்களே குறைவாகத் துண்டித்தார்கள், நிறைவாகவும் உணர்ந்தார்கள். தாம் முன்னேறுகிறோம் என்ற உணர்வே அதற்குக் காரணம் என்பது அவர்கள் கண்ட விளக்கம். 22, 19, 15 என்று எண் இறங்குவதைக் கேட்பவர் தம் கணக்கைத் தாமே போட்டுக்கொள்வார்.

இதிலும் ஒரு பொறி உண்டு. எண் 1ஐ அழுத்தியவர்களை அதே வரிசையில் முன்னால் நுழைத்தால், ஏழாவதாக நின்றவர் திடீரென ஒன்பதாவது ஆகிவிடுவார். பின்னோக்கி நகரும் வரிசையைப் போல ஆத்திரமூட்டுவது வேறில்லை. அவசர அழைப்புகளுக்குத் தனி வரிசையும் தனி ஊழியரும் வேண்டும். ஓர் ஊழியரேனும் அதற்கென்றே அமர வேண்டும். அவ்வாறு ஒதுக்க ஆளில்லையென்றால் இடத்தையும் சொல்லாமலிருப்பதே நல்லது.

ஆஸ்டரிஸ்கில் இதற்கான மாற்றம் `queues.conf` கோப்பில் சில வரிகளே:

```
announce-frequency = 90
announce-holdtime = no
announce-position = more
announce-position-limit = 20
min-announce-frequency = 90
periodic-announce-frequency = 0
```

இரண்டாம் வரி நிமிடக் கணக்கை நிறுத்துகிறது. அடுத்த இரண்டும் இருபதாம் இடம்வரை துல்லியமாகவும், அதற்கு அப்பால் 'இருபதுக்கும் மேற்பட்டோர்' என்றும் சொல்ல வைக்கின்றன. கடைசி வரி, 'எங்கள் ஊழியர்கள் அனைவரும் பணியில் உள்ளனர்' வகை அறிவிப்பை நிறுத்துகிறது. இசை நின்று குரல் தொடங்கும் ஒவ்வொரு முறையும் காத்திருப்பவர் ஓர் ஆள் எடுத்துவிட்டார் என்று நிமிர்ந்து உட்காருகிறார். அரை நிமிடத்துக்கு ஒருமுறை அவரை ஏமாற்றத் தேவையில்லை. 90 நொடி என்பது என் தேர்வு. நம் கற்பனை மையத்தில் அதற்குள் இரண்டு இடமாவது நகர்ந்திருக்கும்.

உண்மையைச் சொன்னால் அழைப்பாளர்கள் ஓடிவிடுவார்கள் என்று மேலாளர்கள் அஞ்சுவதைக் கேட்டிருக்கிறேன். சிலர் ஓடத்தான் செய்வார்கள். ஆனால் தொடக்கத்திலேயே விலகுபவர் பிறகு சாவகாசமாக அழைப்பார். பத்து நிமிடம் ஏமாந்து துண்டிப்பவர் உடனே மறுபடி அழைத்து, அதே வரிசையின் கடைசியில் போய் நிற்கிறார். அழைப்பு எண் 1860 என்று தொடங்குவதானால், பல திட்டங்களில் அந்தப் பத்து நிமிடத்துக்கும் அவரிடமே காசு. பதில் கிடைப்பதற்கான கால வரையறை தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளில் தொலைபேசி நிறுவனங்களுக்கு உண்டு. இடையில் ஒலிக்கும் குரல் என்ன சொல்கிறது என்பதையும் யாராவது அளக்கத் தொடங்கலாம். அளப்பது கடினமன்று. ஒவ்வோர் அழைப்பிலும் அறிவித்த நிமிடத்தையும் உண்மையில் ஆன நிமிடத்தையும் அருகருகே எழுதிவைத்து, மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலை வெளியிட்டால் போதும்.