வீட்டுக்காரர் வாட்சாப்பில் சொன்ன வாக்கு

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் மழைக்காலம் வந்தால் கூரை ஒழுகும். "செய்து தருகிறேன்" என்று வீட்டுக்காரர் வாட்சாப்பில் சொல்வார். அது ஒப்பந்தமாகுமா?

வாக்கு எப்போது தரப்பட்டது என்பதே முக்கியம். டான் சுவீ ஹோ எதிர் அலி உசேன் பிரதர்ஸ் வழக்கில் (1980), 14,000 வெள்ளி 'டீ மணி' கொடுத்தால் விரும்பும்வரை இருக்கலாம் என்று வாடகையாளருக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருந்தது. அதை நம்பிக் கையெழுத்திட்டதால், எழுத்து ஒப்பந்தத்துக்கு முரணாக இருந்தும் அந்த வாக்கு செல்லும் என்றது கூட்டரசு நீதிமன்றம்.

கையெழுத்துக்குப் பின் வரும் வாக்கு அவ்வளவு வலுவானதல்ல. பதிலுக்கு நாம் எதுவும் தராவிட்டால், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 26ஆவது பிரிவு பொதுவாக அதைச் செல்லாததாக்கிவிடும். ஆகவே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரமே கேட்பதற்கு ஏற்றது. "ஐயா, சமையலறைக் கூரையை இம்மாதம் 30ஆம் தேதிக்குள் உங்கள் செலவில் மாற்றித் தருவதாகச் சொன்னீர்கள். அதை நம்பியே இன்னும் ஓராண்டுக்குக் கையெழுத்திடுகிறேன். சரிதானே?" என்று எழுதி, ஒழுகும் கூரையின் படமும் அனுப்புங்கள். "பார்க்கலாம்" என்ற பதில் போதாது. "சரி" என்று வரவேண்டும். முடிந்தால் அந்த வரியை ஒப்பந்தத்திலேயே சேர்த்து, இருவரும் கையெழுத்திடுங்கள்.

வாடகையாளர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு